ஒரே நாளில் ஐந்து கபடி ஆட்டங்கள்: எப்போது, எதை, எவ்வளவு சாப்பிடுவது?

எங்கள் அணி ஒருமுறை காலிறுதியில் வென்ற கையோடு, போட்டி நடத்தியவர்கள் கொடுத்த கோழி பிரியாணியை வயிறு முட்டச் சாப்பிட்டது. இருபது நிமிடத்தில் அரையிறுதிக்கு அழைத்துவிட்டார்கள். பாடிப் போன பையனுக்கு எதிரணிக் கோட்டைத் தொடுவதற்குள் மூச்சு முட்டியது. எண்ணெயும் கொழுப்பும் இரைப்பையை விட்டு இறங்க மணிக்கணக்கில் ஆகும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். அதிலிருந்து அணியின் சாப்பாட்டுப் பை என் பொறுப்பில் இருக்கிறது.

60 கிலோ எடைப் பிரிவில் ஆடும் ஒரு பையனின் நாளை எடுத்துக்கொள்வோம்.

படி 1: இடைவெளியைக் கணக்கிடுங்கள்

ஒலிபெருக்கியில் சொல்லும் நேரத்தை நம்ப வேண்டாம். நடுவர் மேசைக்குப் போய், நமக்கு முன் எத்தனை ஆட்டங்கள் பாக்கி என்று கேளுங்கள். பாதிக்குப் பதினைந்து நிமிடம் என்றால், ஓய்வும் சேர்த்து ஓர் ஆட்டத்துக்கு நாற்பது நிமிடம். மூன்று ஆட்டங்கள் பாக்கி என்றால் இரண்டு மணி நேரம். இரண்டு களங்களில் நடந்தால் அதில் பாதி. என்ன சாப்பிடலாம் என்பதை இந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது. பசி தீர்மானிப்பதில்லை.

படி 2: பானத்தை வீட்டிலேயே கலந்துவிடுங்கள்

ஒரு லிட்டர் தண்ணீர், நான்கு மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, இரண்டு எலுமிச்சை. சர்க்கரையைக் கூட்ட வேண்டாம். மிகவும் இனித்தால் வயிற்றிலேயே தேங்கும். கடையில் விற்கும் குளிர்பானத்தில் சர்க்கரை ஏறக்குறைய இதைப் போல இரண்டு மடங்கு இருக்கிறது, போதாதற்கு வாயுவும் சேர்ந்திருக்கிறது. இளநீர் நல்லதுதான், ஆனால் வியர்வையில் போகும் உப்பை ஈடுகட்டும் அளவுக்கு அதில் சோடியம் இல்லை. அதனால் இளநீரோடு உப்பான ஏதாவது சாப்பிடச் சொல்வேன்.

படி 3: எடை பார்த்தவுடன் காலை உணவு

எடைக்காக முந்தைய இரவே பட்டினி கிடக்கும் பையன்கள்தான் மதியத்துக்குள் கால் பிடித்து உட்காருகிறார்கள். ஏழு மணிக்கு எடை பார்த்ததும் ஐந்து இட்லி, கொஞ்சம் சாம்பார், இரண்டு டம்ளர் தண்ணீர். ஒன்பது மணி ஆட்டத்துக்குள் செரித்துவிடும். வடை வேண்டாம்.

படி 4: ஆட்டங்களுக்கு இடையில்

முதல் ஆட்டம் 9.40-க்கு முடிகிறது, அடுத்தது 10.20-க்கு. களத்தை விட்டு வந்த பத்து நிமிடத்துக்குள் இரண்டு ஏலக்கி வாழைப்பழமும் ஒரு டம்ளர் பானமும் உள்ளே போக வேண்டும். அரட்டை முடித்துச் சாப்பிடலாம் என்று இருந்தால் நேரம் கைவிட்டுப் போகும். கடைசி இருபது நிமிடத்தில் திட உணவு எதுவும் கூடாது, வாயை நனைக்கும் அளவுக்குப் பானம் போதும்.

11 மணி முதல் 12.30 வரை ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறது. மூன்று இட்லியைச் சர்க்கரையோடு சாப்பிடலாம், அல்லது ஜாம் தடவிய நான்கு துண்டு ரொட்டி.

காலிறுதி 1.10-க்கு முடிந்து அரையிறுதி நான்கு மணிக்கு என்றால் மட்டும் சோறு. தயிர்சாதம், ஊறுகாய், ஒரு வேகவைத்த முட்டை, 1.40-க்குள் முடித்துவிட வேண்டும். காலையில் கட்டிய தயிர்சாதம் வெயிலில் கெட்டுவிடும் என்பதால் அதை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிறேன். மூன்றரை மணிக்கு இன்னொரு வாழைப்பழம்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய ஐம்பது நிமிடத்தில் பெரும்பாலும் எதுவும் இறங்காது. களைப்பும் பதற்றமும் சேர்ந்து வயிற்றைப் புரட்டும். வற்புறுத்தாதீர்கள், பானத்தை மடக்கு மடக்காகக் கொடுங்கள், முடிந்தால் இரண்டு பேரீச்சம்பழம்.

படி 5: குடித்தது போதுமா என்று பாருங்கள்

கபடியில் ஒரு வசதி, எடை இயந்திரம் அங்கேயே இருக்கிறது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு நிறுத்துப் பாருங்கள். 60 கிலோ 59.2 ஆனால் 800 மில்லிலிட்டர் போயிருக்கிறது. அதைவிடச் சற்றுக் கூடுதலாக, ஒரு லிட்டர் வரை, அடுத்த இடைவெளிகளில் பிரித்துக் குடிக்க வேண்டும். நாற்பது நிமிடத்துக்குள் முழுவதையும் குடித்தால் வயிறு குலுங்கும்.

ஆட்டத்துக்குப் பின் எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடிக்கிறான் என்று பொருள். வெறும் தண்ணீரை அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலியும் வாந்தியும் வரும். இதை நீர் வற்றியதாக நினைத்து மேலும் தண்ணீர் கொடுப்பதுதான் ஆபத்து. பேச்சு குழறினாலோ தள்ளாடினாலோ உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

மதியம் கொடுக்கும் பிரியாணிப் பொட்டலங்களை நான் வாங்கி, போட்டி நடத்துபவர்களின் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடுகிறேன். பையன்களுக்கு இரவில், எல்லா ஆட்டமும் முடிந்தபின், புதிதாக வாங்கித் தருவதாக ஒப்பந்தம்.