மாடில சோலார் போடணுமா? முதல்ல பழைய கரண்ட் பில்லை எடுத்து வைங்க

நாங்க வீடுகளுக்கு சோலார் மாட்டிக் குடுக்குற ஆளுங்க. போன் பண்றவங்க எல்லாருமே முதல்ல கேக்குறது "3 கிலோவாட் எவ்வளவு ஆகும், மானியம் எவ்வளவு வரும்"னுதான். நான் திருப்பி ஒண்ணே ஒண்ணு கேப்பேன், கடைசி ஆறு பில்லுல எத்தனை யூனிட் வந்திருக்கு? ரூபாய் வேணாம், யூனிட் மட்டும் சொல்லுங்கன்னு. ஏன்னா நம்ம தமிழ்நாட்டுல ஒரு வீட்டுக்கு சோலார் லாபமா இல்லையாங்குறத அந்த யூனிட் நம்பர்தான் முடிவு பண்ணுது.

படி 1: எத்தனை கிலோவாட்னு நீங்களே கணக்கு போடுங்க

நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு பில். முதல் 100 யூனிட் இலவசம், அப்புறம் கொஞ்ச தூரம் விலை குறைவு, 500 தாண்டினா யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல, 600 தாண்டினா ஒன்பதுக்கு மேல, 800 தாண்டினா பத்துக்கு மேல போயிடும். 500 தாண்டுனா இன்னொன்னும் நடக்கும், 101-லேர்ந்து 200 வரைக்கும் இருந்த பாதி விலை சலுகையும் போயிடும். சோலார் போட்டா உங்க பில் மேலேர்ந்துதான் குறையும், அதாவது ரொம்ப விலையான யூனிட்தான் முதல்ல கழியும், இலவச யூனிட் கடைசிலதான் கழியும். இத பிடிச்சுக்கிட்டா மிச்சம் சுலபம்.

சமீபத்துல தஞ்சாவூர் பக்கம் ஒரு வீட்டுக்கு நான் பேப்பர்ல எழுதிக் காட்டுன கணக்க அப்படியே சொல்றேன். ரெண்டு ஏசி, ஒரு போர் மோட்டார், ரெண்டு மாசத்துக்கு சராசரியா 860 யூனிட், பில் சுமார் 5,400 ரூபா. நம்ம பக்கம் 1 கிலோவாட் பேனல் வருஷ சராசரியா ஒரு நாளைக்கு 4 யூனிட் குடுக்கும்னு வச்சுக்கலாம் (கோடைல கூட வரும், ஐப்பசி கார்த்திகை மழைல குறையும்), அப்போ ரெண்டு மாசத்துக்கு 240 யூனிட்.

1 கிலோவாட் போட்டா 860 போய் 620 ஆகும், பில் 5,400-லேர்ந்து சுமார் 3,100-க்கு வரும். 2 கிலோவாட் போட்டா 380 யூனிட், பில் சுமார் 1,100. 3 கிலோவாட் போட்டா 140 யூனிட், பில் நூறு ரூபா அளவுக்கு வந்துடும். இப்ப ஒவ்வொரு கிலோவாட்டையும் தனியா பாருங்க. முதல் கிலோவாட் 2,300 மிச்சம் பண்ணுது, ரெண்டாவது 2,000, மூணாவது வெறும் 1,000. அதே பேனல் அதே வெயில்தான், ஆனா மூணாவது கிலோவாட் கழிக்கிறது விலை குறைஞ்ச யூனிட்ட.

இப்ப செலவு. அந்த வீட்டுக்கு நாங்க குடுத்த விலை 2 கிலோவாட்டுக்கு 1,40,000, 3 கிலோவாட்டுக்கு 2,00,000. மத்திய அரசோட பிஎம் சூர்ய கர் திட்டத்துல (2024 பிப்ரவரில ஆரம்பிச்சது) மானியம் முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000, மூணாவதுக்கு 18,000, அதோட சரி. 78,000-க்கு மேல நீங்க 5 கிலோவாட் போட்டாலும் ஒரு ரூபா கூட வராது. ஆக 2 கிலோவாட் கைல இருந்து 80,000, வருஷ மிச்சம் கிட்டத்தட்ட 25,800, மூணு வருஷத்துல போட்ட காசு வந்துடும். மூணாவது கிலோவாட்டுக்கு மட்டும் கூடுதலா 42,000 போடணும், அது வருஷத்துக்கு 6,000-தான் குடுக்குது, திரும்ப ஏழு வருஷம் ஆகும். அந்த வீட்டு அம்மா "முழு மானியத்தையும் ஏன் தம்பி விடணும்"னு கேட்டாங்க, நான் இந்த ரெண்டு வரிய அடிக்கோடு போட்டு காட்டுனேன், அவங்க 2 கிலோவாட்டே போதும்னுட்டாங்க. மூணாவது ஏசி வாங்குற யோசனை இருந்திருந்தா நானே 3 போடுங்கன்னு சொல்லியிருப்பேன், ஏன்னா அப்ப பில் மேல ஏறும், மூணாவது கிலோவாட்டும் விலை கூடின யூனிட்டத்தான் கழிக்கும்.

உங்க வீடு 320 யூனிட்டுக்குள்ள ஓடுதுன்னா பில்லே 800 ரூபா அளவுலதான் இருக்கும். 1 கிலோவாட் போட்டு அத சுத்தமா ஜீரோ ஆக்குனா கூட வருஷத்துக்கு 4,800 தான் மிச்சம், மானியம் போக கைக்காசு திரும்ப பத்து வருஷம் ஆகும். அப்படி இருக்கவங்கள நான் இப்ப வேணாம்னு சொல்லி அனுப்பிடுவேன்.

படி 2: பேப்பர் வேலை, பேர் ஒண்ணா இருக்கான்னு பாருங்க

மானியம் சிக்குறதுல பெரும்பாலும் பேர்லதான் சிக்குது. ஈபி சர்வீஸ் யார் பேர்ல இருக்கோ அவங்க பேர்லதான் விண்ணப்பம், பேங்க் அக்கவுண்ட்டும் அதே பேர்ல இருக்கணும். நிறைய வீட்டுல சர்வீஸ் இன்னும் இறந்துபோன அப்பா பேர்லயே இருக்கும், பில் கட்டிட்டே இருக்கறதால யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க. அப்படின்னா முதல்ல ஈபி ஆபீஸ்ல பேர் மாத்திட்டு வாங்க, சோலார் அப்புறம். இனிஷியல் முன்னாடி இருக்கா பின்னாடி இருக்கா, ஆதார்லயும் பாஸ்புக்லயும் ஒரே மாதிரி எழுத்தா, இதையும் இப்பவே பாத்துருங்க. அதோட உங்க சர்வீஸோட அனுமதிச்ச லோடு எவ்வளவுன்னு பாருங்க, போடப்போற கிலோவாட்ட விட அது கம்மியா இருந்தா லோடு கூட்டுற வேலையும் சேந்து வரும்.

அப்புறம் `pmsuryaghar.gov.in` போய் மொபைல் நம்பர், மாநிலம், மின் வாரியம், சர்வீஸ் நம்பர் குடுத்து பதிவு பண்ணி விண்ணப்பம் போடணும். கடைசி பில் ஒண்ணு ஸ்கேன் பண்ணி வச்சுக்கோங்க. 10 கிலோவாட் வரைக்கும் டெக்னிக்கல் பரிசோதனைன்னு இழுக்காம ஒப்புதல் வந்துடும். ஒப்புதல் வந்த பிறகு அந்த தளத்துலயே பதிவு பண்ணியிருக்குற நிறுவனங்கள்ல ஒண்ண தேர்ந்தெடுங்க, எங்கள மாதிரி யார் வந்தாலும் அந்த லிஸ்ட்டுல பேர் இருக்கான்னு தேடிப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.

கொட்டேஷன்ல ஒரு வார்த்தை கண்டிப்பா இருக்கணும், டிசிஆர் பேனல். அதாவது உள்ள இருக்குற செல்லும் இந்தியாவுல செஞ்சது. வெளிநாட்டு செல் போட்ட பேனல் விலை குறைவா வரும், அது நல்லாவே கூட ஓடும், ஆனா மானியம் வராது. பேனல் பின்னாடி ஸ்டிக்கர்ல சீரியல் நம்பர் இருக்கும், மேல ஏத்தி மாட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணயும் போட்டோ எடுத்துக்கோங்க, மாட்டின பிறகு அது ஸ்டாண்டு அடியில போய் மறைஞ்சிடும்.

படி 3: மாட்டினதும் சுவிட்ச் போடாதீங்க

இதுக்கு மட்டும் கொஞ்சம் நேரம் குடுத்து படிங்க. பேனல் மாட்டி இன்வெர்ட்டர் வச்சு ஒயரிங் எல்லாம் முடிஞ்சுடும், ஆனா உள்ள வர்ற கரண்ட்டையும் வெளிய போற கரண்ட்டையும் தனித்தனியா எண்ணுற நெட் மீட்டர் வர இன்னும் நாள் ஆகும். அந்த இடைவெளில "சும்மா ஓடட்டுமே"ன்னு ஆன் பண்ணக்கூடாது. பழைய மீட்டர் நிறையது கரண்ட் உள்ள வருதா வெளிய போகுதான்னு பிரிச்சு பாக்காது, எந்தப் பக்கம் போனாலும் கூட்டிடும். வேற ஒருத்தர் மாட்டிக் குடுத்து ஆன் பண்ணிட்டுப் போன ஒரு வீட்டுக்கு நான் போயிருக்கேன், நல்ல மத்தியானம், வீட்டுல ஒரே ஒரு பேன்தான் ஓடுது, ஆனா மீட்டர்ல சிவப்பு லைட் படபடன்னு மின்னுது. இன்வெர்ட்டர ஆஃப் பண்ணினதும் அது மெதுவா ஆயிடுச்சு. அவங்க வெளிய அனுப்பின ஒவ்வொரு யூனிட்டுக்கும் அவங்களே காசு கட்டியிருக்காங்க.

ஈபில இருந்து வந்து பாத்து, நெட் மீட்டர் மாட்டி, கமிஷனிங் சான்றிதழ் தளத்துல ஏறினதும் ஆன் பண்ணுங்க. அப்புறம்தான் மானியத்துக்கு பேங்க் விவரமும் கேன்சல் பண்ண செக்கும் ஏத்தணும், இத மறந்துட்டு "மானியம் வரலையே"ன்னு காத்திருக்கவங்க இருக்காங்க. பணம் நேரா உங்க அக்கவுண்ட்டுக்குத்தான் வரும். விலைல மானியத்த கழிச்சுட்டேன், செக் மட்டும் எங்ககிட்ட குடுத்துருங்கன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க.

படி 4: புது பில்ல படிக்கத் தெரிஞ்சுக்கோங்க

முதல் பில் வந்ததும் எனக்கு வர்ற போன் ஒண்ணேதான்: "சோலார் இன்வெர்ட்டரோட மொபைல் ஆப்புல 480 யூனிட் காட்டுது, மீட்டர்ல 350-தான் வெளிய போயிருக்கு, மிச்சம் 130 எங்க?" எங்கயும் போகல. பகல்ல மோட்டார், மிக்ஸி, பிரிட்ஜ் ஓடினப்ப அந்த 130 வீட்டுக்குள்ளயே செலவாயிடுச்சு, அது மீட்டருக்கே வராது. தஞ்சாவூர் வீட்டு கணக்குலயே பாருங்க, உள்ள வந்தது 730, வெளிய போனது 350, கழிச்சா 380, பில் அந்த 380-க்குத்தான்.

இன்னொண்ணு, கரண்ட் போனா சோலாரும் நின்னுடும். லைன்ல வேலை பாக்குற ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு இன்வெர்ட்டர் தானா நிறுத்திக்கும். கரண்ட் கட்டுக்கு உங்க பழைய பேட்டரி யுபிஎஸ் அப்படியே இருக்கட்டும்.

படி 5: பராமரிப்பு

திட்டத்துல மாட்டினவங்க 5 வருஷம் பராமரிப்பு பாத்துக்கணும்னு இருக்கு, அத எழுத்துல வாங்குங்க. ஆனா கழுவுறது பெரும்பாலும் உங்க வேலைதான். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை, காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. மத்தியானம் கொதிக்கிற கண்ணாடில பச்சத்தண்ணி ஊத்துனா விரிசல் விடலாம். சோப்பு வேணாம், ஸ்டீல் நாரு வேணவே வேணாம், நீளக்கம்புல மெத்துன்னு துணி கட்டி தேச்சா போதும், பேனல் மேல கால் வைக்காதீங்க. உப்புத் தண்ணி போர் இருக்குற வீடுகள்ல ஒரு விஷயம், கழுவிட்டு அப்படியே காய விட்டா கீழ் ஓரத்துல வெள்ளையா கோடு படியும், நாளாக ஆக அது சுண்ணாம்பு மாதிரி கெட்டியாகி போகவே போகாது. அதனால கடைசியா வைப்பர் வச்சு தண்ணிய இழுத்து விட்டுடுங்க.

ஆப்ப தினமும் பாக்க வேணாம், மாசத்துல நல்ல வெயில் அடிச்ச ஒரு நாள் எத்தனை யூனிட்னு காலண்டர்ல எழுதி வைங்க. 2 கிலோவாட்டுக்கு அப்படி ஒரு நாள் 8 யூனிட்டுக்கு மேல வரணும், அது 5-க்கு இறங்குச்சுன்னா முதல்ல கழுவிப் பாருங்க. கழுவியும் ஏறலன்னா சாயங்காலம் மூணு மணி வாக்குல மாடிக்கு போய் நிழல் விழுதான்னு பாருங்க, தண்ணி டேங்க் நிழலோ பக்கத்து வீட்டு தென்னை மட்டையோ ஒரே ஒரு பேனல் மூலைல விழுந்தாலும் அதோட வரிசையா கோத்திருக்குற மத்த பேனலையும் இழுத்துடும். நிழலும் இல்ல, கண்ணாடியும் சுத்தம், இன்வெர்ட்டர்ல சிவப்பு லைட் எரியுதுன்னா நீங்க எந்த ஒயரையும் தொடாதீங்க, ஸ்கிரீன்ல வர்ற எரர் நம்பர போட்டோ எடுத்து மாட்டினவங்களுக்கு அனுப்புங்க. வெயில் இருக்குற வரைக்கும் பேனல்ல இருந்து வர்ற ஒயர்ல கரண்ட் இருந்துட்டேதான் இருக்கும், மெயின ஆஃப் பண்ணாலும் அது போகாது.