மூன்று, ஐந்தில் பிழைத்தவர் நான்கு, ஆறில் மாட்டும் இடம்

கொழிஞ்சாம்பாறையில் மாலை நேரத்தில் டியூஷன் எடுக்கிறேன். கேரள பி.எஸ்.சி. தேர்வைத் தமிழில் எழுதுகிற பிள்ளைகள்தான் பெரும்பாலும் வருவார்கள். போன வாரம் பலகையில் ஒரு கணக்கு எழுதிப் போட்டேன்: 1 முதல் 1000 வரை, 3 அல்லது 5-ஆல் மீதியின்றி வகுபடும் எண்கள் எத்தனை? எல்லாருக்கும் 467 என்று சரியாக வந்தது. அடுத்ததாக 4 அல்லது 6 என்று மாற்றினேன். பாதிப் பேர் 375 என்று எழுதியிருந்தார்கள். அந்த 375-ஐப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. என் சொந்தப் பணம் போன எண் அது.

முதல் கணக்கில் 3-இன் மடங்குகள் 333-ஐயும் 5-இன் மடங்குகள் 200-ஐயும் கூட்டி 533 என்று விட்டுவிடுகிறவர்களைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. 15, 30, 45 எல்லாம் இரண்டு பட்டியலிலும் இருப்பதை ஒரு முறை காட்டினால் அவர்களே திருந்திவிடுவார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 3-ஆலும் வகுபடாத, 5-ஆலும் வகுபடாத எண்கள் எத்தனை என்று கேட்டால் அதற்கு விடை 533-தான், 1000-இல் 467 போக மிச்சம். ஒரு கேள்வியின் தப்பான விடை இன்னொரு கேள்வியின் சரியான விடையாக வந்து உட்கார்ந்திருக்கிறது. கேள்வியை ஒழுங்காகப் படிக்காதவரை இது ஏமாற்றும்.

## பெருக்கிக் கழிப்பது

முறை இதுதான். 1000-ஐ 3-ஆல் வகுத்தால் ஈவு 333, 5-ஆல் வகுத்தால் 200. இரண்டு பட்டியலிலும் வந்தவற்றை ஒரு முறை கழிக்க வேண்டும். அவை 15-இன் மடங்குகள், மொத்தம் 66.

333 + 200 − 66 = 467

இங்கே 15 எங்கிருந்து வந்தது? "மூவைந்து பதினைந்து சார்" என்பார்கள். விடை சரி, காரணம் தப்பு. இரண்டு எண்ணாலும் வகுபடும் முதல் எண் அவற்றின் மீச்சிறு பொது மடங்கு. 3-க்கும் 5-க்கும் 1-ஐத் தவிர வேறு பொது வகுத்தி கிடையாது, அதனால்தான் மீ.பொ.ம.வும் பெருக்கலும் ஒன்றாகிவிட்டன. பிள்ளைகள் மனதில் "பெருக்கி, வகுத்து, கழி" என்று பதிந்துவிடுகிறது. மூன்று-ஐந்து கணக்கை எத்தனை முறை போட்டாலும் அந்தத் தப்பு வெளியே தெரியாது.

எனக்கும் தெரியவில்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு 1 முதல் 1000 வரை எண் போட்ட நன்கொடைக் கூப்பன் விற்றோம். முதல் வருடம், 3 அல்லது 5-ஆல் வகுபடும் எண்ணுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா. கணக்கு வாத்தியார் என்பதால் என்னிடம் கேட்டார்கள். 467 என்றேன், 467 டப்பா வந்தது, கச்சிதமாகத் தீர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வருடம் எவர்சில்வர் டம்ளர் கொடுக்கலாம் என்றார்கள். செலவு கூடும் என்பதால் விதியை 4 அல்லது 6 என்று மாற்றினோம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே போட்டேன். 4-இன் மடங்கு 250, 6-இன் மடங்கு 166, நாலாறு இருபத்துநாலு, 24-இன் மடங்கு 41. 250 + 166 − 41 = 375. பொள்ளாச்சியில் ஒரு பாத்திரக்கடையில் 375 டம்ளர் சொல்லி, திருவிழாப் பெயரையும் வெட்டித் தரச் சொன்னோம்.

திருவிழா முடிந்தது, எல்லாரும் வாங்கிப் போய்விட்டார்கள், சாக்கில் 42 டம்ளர் மிச்சம். யாரோ வராமல் விட்டிருப்பார்கள் என்று கூப்பன் அடிக்கட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கொடுக்க வேண்டிய 333 பேருக்கும் கொடுத்தாகிவிட்டது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "பேரு வெட்டியாச்சுங்க, திருப்பி எடுக்க முடியாதுங்க" என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். கமிட்டியில் யாரும் வாய் திறக்கவில்லை, நானே பணத்தைக் கொடுத்தேன். இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த டம்ளரில்தான் காபி.

அந்த 42 எங்கிருந்து வந்தது என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன். 12-ஆம் எண் கூப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். அது 4-இன் பட்டியலிலும் இருக்கிறது, 6-இன் பட்டியலிலும் இருக்கிறது. அதற்கு என் கணக்கில் இரண்டு டம்ளர். 24-இன் மடங்கை மட்டும் கழித்ததால் 12 தப்பித்துவிட்டது. அப்படியே 36, 60, 84 என்று 996 வரை, 12-இன் மடங்காக இருந்தும் 24-இன் மடங்காக இல்லாதவை சரியாக 42. கழித்திருக்க வேண்டியது 12-இன் மடங்குகளை, அதாவது 83.

250 + 166 − 83 = 333

பெருக்கும் பழக்கத்தை விட முடியாதவர்கள் ஒரு வேலை செய்யலாம். பெருக்கிய பிறகு மீப்பெரு பொது வகுத்தியால் வகுத்துவிடுங்கள். 4 × 6 = 24, பொது வகுத்தி 2, வகுத்தால் 12. 3, 5-க்கு அந்த வகுத்தி 1 என்பதால் 15 அப்படியே நிற்கும்.

சந்தேகம் வந்தால் 1000-ஐ விட்டுவிட்டு 12 வரைக்கும் கையால் எழுதிப் பாருங்கள். 4, 6, 8, 12. நான்கே எண்கள். 24 போட்ட முறையில் 3 + 2 − 0 = 5 வரும். அரை நிமிட வேலை. நான் செய்யவில்லை.

## கடைசியில் முழுமையாக்குவது

கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளைகள் செய்வது இது. மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று, பதினைந்தில் ஒன்றைக் கழித்தால் 7/15. அதை 1000-ஆல் பெருக்கினால் 466.67. கிட்டத்தட்ட 467, சரியான விடை! இதைத் தப்பு என்று சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

அதனால் 998 வரை போடச் சொல்வேன். அவர்கள் முறையில் 465.73 வரும், 466 என்பார்கள். ஒவ்வொரு ஈவையும் தனியாக எடுத்தால் 332 + 199 − 66 = 465. ஒவ்வொரு 15 எண்ணிலும் ஏழு பேர் தேறுவது உண்மை: 3, 5, 6, 9, 10, 12, 15. ஆனால் அந்த ஏழு பேரும் சீரான இடைவெளியில் உட்காரவில்லை. கடைசிக் கூட்டம் பாதியில் அறுந்தால் பின்னம் எந்தப் பக்கமும் சாயும். மூன்று வகுத்தலிலும் மீதியை அங்கங்கேயே உதறிவிட்டு, முழு எண்களை மட்டும் கூட்டிக் கழியுங்கள்.

## "அல்லது" என்றால் இரண்டும் இருந்தாலும் சேர்த்தி

66-ஐ இரண்டு முறை கழித்தால் 401 வரும். அது "ஏதாவது ஒன்றால் மட்டும்" என்ற கேள்விக்கு விடை.

## 100 முதல் 1000 வரை

1000 வரைக்கும் உள்ளதிலிருந்து 99 வரைக்கும் உள்ளதைக் கழியுங்கள்: 467 − 46 = 421. 100 வரைக்கும் உள்ளதைக் கழித்தால் 100-ஏ காணாமல் போய் 420 ஆகிவிடும்.

## "1000 வரை"யும் "1000-க்குக் கீழே"யும்

467. 466. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிக்கிற தேர்வில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில்தான் கொடுப்பார்கள்.