வாழைப்பழ வாசனை எஸ்டர்: செய்முறையும் ஒவ்வொரு படிக்கும் காரணமும்

பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிக்கலில் ஒரு சோதனை வரும். கொடுத்த உப்பு மாதிரியான பொருளில் கொஞ்சம் எடுத்து, எத்தனாலும் சில சொட்டு அடர் கந்தக அமிலமும் விட்டுச் சூடாக்கி, சோடியம் கார்பனேட் கரைசலில் ஊற்ற வேண்டும். பழ வாசனை வந்தால் கார்பாக்சிலிக் அமிலம் என்று எழுதிவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விடுவோம். அந்த வாசனைப் பொருளைக் குழாயோடு கழுவி ஊற்றாமல், தனியாகப் பிரித்து ஒரு குப்பியில் தெளிந்த திரவமாக எடுப்பது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

செய்யப்போவது ஐசோஅமைல் அசிட்டேட். பழுத்த வாழைப்பழத்தின் வாசனைக்கு முக்கியக் காரணமே இதுதான். தேவையானவை ஐசோஅமைல் ஆல்கஹாலும் அசிட்டிக் அமிலமும்.

```
CH3COOH + (CH3)2CHCH2CH2OH ⇌ CH3COOCH2CH2CH(CH3)2 + H2O
```

இது வீட்டுச் சமையலறையில் செய்கிற வேலை இல்லை. கல்லூரி ஆய்வகத்தில், புகை வெளியேற்றும் கூண்டுக்குள், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். கிடைப்பதை முகரலாம், சாப்பிடுவதில் எதிலும் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் நாம் வாங்கும் ரசாயனங்கள் உணவுத் தரத்தில் வருவதில்லை.

எதை அதிகமாக எடுப்பது?

மேலே உள்ள சமன்பாட்டில் இரண்டு பக்கமும் அம்புக்குறி இருப்பதைக் கவனித்தீர்களா? எஸ்டரும் நீரும் உருவாக உருவாக, அவையே திரும்பச் சேர்ந்து அமிலமும் ஆல்கஹாலுமாக மாறவும் ஆரம்பிக்கும். ஒரு கட்டத்தில் இரண்டு வேகமும் சமமாகிவிடும், அதற்கு மேல் எவ்வளவு நேரம் சூடாக்கினாலும் பயன் இல்லை. 1862-இல் பெர்த்தலோவும் பெயான் த சான் ஜீலும் அசிட்டிக் அமிலத்தையும் எத்தனாலையும் வைத்து இதைத்தான் அளந்தார்கள். சமமான மோல் எடுத்தால் மூன்றில் இரண்டு பங்குதான் எஸ்டராகிறது. நம்முடைய வினையும் ஏறக்குறைய அப்படித்தான், சமநிலை மாறிலி சுமார் 4 என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை உடைக்க ஒரு வழி, இரண்டில் ஒன்றை அதிகமாகப் போடுவது. சரி, எதை? கணக்குப்படி எதைப் போட்டாலும் ஒன்றுதான். ஆனால் கடைசியில் மிஞ்சுவதை எப்படி நீக்கப் போகிறோம் என்று யோசித்தால் விடை வந்துவிடும். ஐசோஅமைல் ஆல்கஹால் 131 டிகிரியில் கொதிக்கும், எஸ்டர் 142-இல். இந்தப் பதினொரு டிகிரி வித்தியாசத்தை நம்பிச் சாதாரண வாலையில் அவற்றைப் பிரிக்க முடியாது, ஆல்கஹால் நீரிலும் அவ்வளவாகக் கரையாது. அசிட்டிக் அமிலமோ நீரில் எந்த அளவிலும் கரையும், கொஞ்சநஞ்சம் மிஞ்சினால் ஆப்ப சோடாவில் உப்பாக மாறிப் போய்விடும். ஆகவே அமிலத்தைத்தான் அதிகமாகப் போட வேண்டும். இந்தச் செய்முறையில் ஒரு விஷயம் மட்டும் நினைவில் நின்றால் போதும் என்றால், என் கணக்கில் அது இதுதான்.

அளவுகள்: ஐசோஅமைல் ஆல்கஹால் 10 மி.லி. (8.1 கிராம், 0.092 மோல்), நீர் கலக்காத அசிட்டிக் அமிலம் 13 மி.லி. (0.227 மோல்), அடர் கந்தக அமிலம் 2 மி.லி. அமிலம் ஆல்கஹாலைப் போல் இரண்டரை மடங்கு. இப்போது சமநிலைக் கணக்கைப் போட்டால் ஆல்கஹாலில் சுமார் 88 சதவீதம் எஸ்டராக மாற வேண்டும்.

கலப்பது

உலர்ந்த 100 மி.லி. வட்டடிக் குடுவையில் முதலில் ஆல்கஹால், அப்புறம் அசிட்டிக் அமிலம். உலர்ந்த குடுவை ஏன் என்றால், நீர் வலது பக்கத்துச் சரக்கு, நாமே அதைக் கொண்டுவந்து போட்டால் வினை பின்னோக்கித் தள்ளப்படும். கந்தக அமிலத்தைக் கடைசியில், குடுவையைச் சுழற்றிக்கொண்டே, சொட்டுச் சொட்டாக விடுங்கள். சூடு ஏறும், அது இயல்புதான். ஒரே இடத்தில் குபுக்கென்று ஊற்றினால் அந்த இடத்தில் ஆல்கஹால் கருகும். கலவை பழுப்பாகிக் கருத்துக்கொண்டே போனால் அதுதான் நடந்திருக்கிறது. இளமஞ்சள் நிறம் வந்தால் கவலை வேண்டாம்.

கந்தக அமிலத்தின் வேலை என்ன? அசிட்டிக் அமிலத்தில் கார்பனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும் ஆக்சிஜனில் ஒரு H⁺ போய் ஒட்டிக்கொள்கிறது. அதனால் அந்தக் கார்பனுக்கு எலக்ட்ரான் பற்றாக்குறை கூடுகிறது, ஆல்கஹாலின் ஆக்சிஜன் எளிதாக அதைத் தாக்க முடிகிறது. பிறகு ஒரு நீர் மூலக்கூறு கழன்று போகும், H⁺ திரும்பக் கிடைக்கும். அந்த நீருக்கான ஆக்சிஜன் அமிலத்திலிருந்து போகிறதா, ஆல்கஹாலிலிருந்தா என்ற கேள்விக்கு 1938-இல் ராபர்ட்ஸும் யூரேயும் பதில் கண்டார்கள். கனமான ஆக்சிஜன் கொண்ட மெத்தனாலை பென்சாயிக் அமிலத்தோடு வினைபுரிய விட்டுப் பார்த்தால், வந்த நீரில் அந்தக் கன ஆக்சிஜன் இல்லை. அதாவது ஆல்கஹாலின் ஆக்சிஜன் எஸ்டரிலேயே தங்கிவிடுகிறது, OH-ஐ இழப்பது அமிலம்தான்.

ஒன்றை மட்டும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வினையூக்கி சமநிலையை நகர்த்தாது, அங்கே சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். கந்தக அமிலம் கொஞ்சம் நீரையும் இழுத்துப் பிடித்துக்கொள்வதால் சின்ன உதவி கூடுதலாகக் கிடைக்கும்.

ஒரு மணி நேரம் ரிஃப்ளக்ஸ்

மூன்று நான்கு கொதிகற்களைப் போட்டு, குளிர்விப்பானை நேராக மேலே பொருத்தி, தண்ணீர்க் குழாயைக் கீழ் வாயில் செருகுங்கள். கீழே நுழைந்து மேலே வெளியேறினால்தான் மேலுறை முழுக்கத் தண்ணீர் நிற்கும். சூடாக்க மின்சூட்டுறை அல்லது மணல் தொட்டி வேண்டும். பன்சன் அடுப்பு வேண்டவே வேண்டாம், இந்த எஸ்டரின் ஆவி அறை வெப்பநிலையிலேயே தீப்பிடிக்கும்.

ரிஃப்ளக்ஸ் செய்வதற்குக் காரணம் எளிது. அறை வெப்பநிலையில் இந்த வினை மிகமிக மெதுவாகப் போகும், சூடாக்கினால் எல்லாம் ஆவியாகிவிடும். மேலே போகும் ஆவி குளிர்ந்து திரும்பக் குடுவையிலேயே விழுந்தால், கொதிநிலையிலேயே வைத்திருந்தும் சரக்கு குறையாது. குளிர்விப்பானின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஈர வளையம் தெரிய வேண்டும். அது மேலே ஏறிக்கொண்டே போனால் சூட்டைக் குறையுங்கள். மேல்வாயை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். கொதிகல் போட மறந்துவிட்டால் நன்றாக ஆறிய பிறகுதான் போட வேண்டும், சூடான திரவத்தில் போட்டால் பொங்கி மேலே தெறிக்கும்.

கழுவுவது

குடுவை ஆறிய பிறகு முகர்ந்தால் வாழைப்பழம் வராது, காடி நெடிதான் மூக்கில் ஏறும். பள்ளிச் சோதனையில் கார்பனேட் கரைசலில் ஊற்றச் சொல்வதும் இதற்காகத்தான், அமில நெடி அடங்கினால்தான் அடியில் இருக்கும் வாசனை தெரியும். இங்கே அந்த வேலையை நிதானமாகச் செய்யப் போகிறோம்.

கலவையைப் பிரிபுனலில் ஊற்றி, 40 மி.லி. குளிர்ந்த நீர் சேர்த்துக் குலுக்கி, நிற்க விடுங்கள். எஸ்டரின் அடர்த்தி 0.88 என்பதால் அது மேலே மிதக்கும். எது எந்த அடுக்கு என்று சந்தேகம் வந்தால் மேலிருந்து ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள், அது எந்த அடுக்கில் போய்க் கலக்கிறதோ அதுதான் நீர் அடுக்கு. கடைசி வரை எந்த அடுக்கையும் கீழே கொட்டிவிடாதீர்கள்.

கீழ் அடுக்கை இறக்கிவிட்டு, 5 சதவீதச் சோடியம் பைகார்பனேட் கரைசல், அதாவது நம் ஆப்ப சோடாவேதான், 20 மி.லி. சேர்க்க வேண்டும். முதலில் மூடாமல் மெதுவாகச் சுழற்றுங்கள், நுரை அடங்கட்டும். அப்புறம் மூடி, கவிழ்த்து, உடனே குழாயைத் திறந்து வாயுவை விடுங்கள். கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து அழுத்தம் ஏறினால் மூடி பறக்கும், அமிலம் முகத்தில் தெறிக்கும். முதலில் வெறும் நீரில் கழுவியது ஏன் என்பது இங்கே புரியும். அமிலத்தின் பெரும்பகுதி அதிலேயே போய்விட்டதால் மிஞ்சியதற்கு மட்டும்தான் நுரைக்கிறது. நுரை வருவது நிற்கும் வரைக்கும், நீர் அடுக்கு சிவப்பு லிட்மஸை நீலமாக்கும் வரைக்கும் திரும்பச் செய்யுங்கள், இரண்டு மூன்று முறையில் முடிந்துவிடும்.

சோடியம் ஹைட்ராக்சைடு போட்டால் ஒரே அடியில் முடியுமே என்று தோன்றலாம். முடியும், ஆனால் அது எஸ்டரையே உடைத்துப் பழையபடி ஆல்கஹாலும் அசிட்டேட் உப்புமாக ஆக்க ஆரம்பிக்கும். சோப்பு செய்வது அந்த வினையை வைத்துத்தான்.

கடைசியாக 10 மி.லி. செறிவான உப்புக் கரைசல். எஸ்டருக்குள் கரைந்திருக்கும் நீரை அது வெளியே இழுக்கும், அடுக்குகளுக்கு நடுவே பால் போல் குழம்பி நிற்பதையும் தெளிய வைக்கும்.

உலர்த்தி, வடிப்பது

மேல் அடுக்கை உலர்ந்த கூம்புக் குடுவையில் ஊற்றி, நீரற்ற மெக்னீசியம் சல்பேட்டைச் சிறு கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். முதலில் போட்டது கட்டியாக அடியில் ஒட்டும், அது நீரைப் பிடித்துக்கொண்டதன் அடையாளம். புதிதாகப் போட்டது சுழற்றும்போது தூளாகவே பறந்தால் போதும். பத்து நிமிடம் வைத்து, வடிகட்டி, சின்ன வாலையில் ஏற்றுங்கள், கொதிகல் புதிதாக வேண்டும்.

வெப்பமானியின் குமிழ் பக்கக் குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். மேலே தூக்கி வைத்தால் ஆவி அதை முழுதாகத் தொடாது, உண்மையை விடக் குறைவாகக் காட்டும், நாம் தவறான பகுதியைச் சேகரிப்போம். 136 முதல் 143 டிகிரி வரை வருவதைத் தனியாகப் பிடியுங்கள். அதற்கு முன்னால் வருவதில் மிஞ்சிய ஆல்கஹாலும் நீரும் இருக்கும். இப்படி முன்னால் வடிவது நிறையவும் கலங்கலாகவும் இருந்தால் உலர்த்தியது போதவில்லை என்று அர்த்தம். நீரோடு சேர்ந்து எஸ்டரும் தாழ்ந்த வெப்பநிலையிலேயே வந்துவிடுகிறது, அதைத் திரும்ப உலர்த்தித்தான் வடிக்க வேண்டும். குடுவையை வற்றும் வரை சூடாக்காமல் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே நிறுத்துங்கள்.

முகரும்போது குப்பியை மூக்கில் வைக்காமல் கையால் விசிறிப் பாருங்கள். செறிவாக இருக்கும்போது நகப்பூச்சு நீக்கி மாதிரிதான் இருக்கும், வடிதாளில் ஒரு சொட்டு விட்டுத் தள்ளி வைத்தால்தான் வாழைப்பழம் வரும். இன்னொன்று, தேனீ கொட்டும்போது மற்ற தேனீக்களைக் கூப்பிட வெளியிடும் எச்சரிக்கை வாசனையிலும் முக்கியப் பொருள் இதுதான் என்று 1962-இல் கண்டுபிடித்தார்கள். சட்டையில் சிந்தியிருந்தால் தேன்பெட்டி வைத்திருக்கும் தோட்டத்துப் பக்கம் போகாதீர்கள்.

இனி எடை. 0.092 மோல் ஆல்கஹால் முழுவதும் மாறினால் 12 கிராம் எஸ்டர் வர வேண்டும், 88 சதவீதச் சமநிலைப்படி பார்த்தால் 10.5 கிராம். கழுவும்போதும் வடிக்கும்போதும் கண்ணாடியில் ஒட்டிப் போவதைக் கழித்து, 8 கிராம் கிடைத்தால் நல்ல விளைச்சல். 10.5-ஐத் தாண்டினால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள், நீரோ ஆல்கஹாலோ கலந்திருக்கலாம். கொஞ்சம் நீரற்ற மெக்னீசியம் சல்பேட்டைப் போட்டுக் கட்டியாகிறதா என்று பாருங்கள். கட்டியாகவில்லை என்றால் மிச்சம் ஆல்கஹாலாகத்தான் இருக்கும். அப்போது வடித்த வெப்பநிலைக் குறிப்பை எடுத்து, 136-க்குக் கீழே வந்ததையும் சேர்த்துப் பிடித்துவிட்டீர்களா என்று சரிபாருங்கள்.