டெலிவரி ஆப்பா, சொந்த ஆளா?

உங்கள் ஹோட்டல் டெலிவரி ஆப்போடு போட்ட ஒப்பந்தத்தில் கமிஷன் 25 சதவீதம் என்று இருந்தால், உங்கள் கையை விட்டுப் போவது 25 மட்டும் அல்ல. அந்தக் கமிஷன் மீது 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 200 ரூபாய் பிரியாணிக்கு 50 ரூபாய் கமிஷன், 9 ரூபாய் வரி, ஆக 59 ரூபாய். 5 சதவீத ஜிஎஸ்டி கட்டும் ஹோட்டல் அந்த 9 ரூபாயைத் திரும்ப எடுக்கவும் முடியாது. தள்ளுபடியில் உங்கள் பங்கு இருந்தால் அது தனி.

சரி, சொந்தமாக ஆள் வைத்தால்? மாதச் சம்பளம் 15,000, பெட்ரோல், வண்டிச் செலவு 3,000 என்று வையுங்கள். நாளுக்கு 600 ரூபாய். 600-ஐ 59-ஆல் வகுத்தால் பத்துக்குச் சற்று மேல். அதாவது, தினமும் 11 ஆர்டராவது நேரடியாக போனில் வந்தால்தான் ஆள் கட்டுப்படியாகும்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: அந்த 11-உம் மதியம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள் வந்து நிற்கும். ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் நாலைந்து வீட்டுக்குத்தான் போய் வர முடியும். மீதிச் சோறு ஆறிவிடும். அதனால் இரண்டு கிலோமீட்டருக்குள் மட்டும் சொந்த ஆள், தூரத்துக்கு ஆப் என்று பிரித்துக்கொள்வதே என் கட்சி.