வீட்டுப் படத்தில் கதவு நிறமும் ஜன்னல் ஃப்ரேமும் மட்டும் மாற வேண்டுமா? சுவரையும் நிழலையும் கெடுக்கும் தவறுகள்

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் முன்னால், "கதவு கரும்பச்சையாக இருந்தால் எப்படி இருக்கும், ஜன்னலுக்கு மெல்லிய கறுப்பு ஃப்ரேம் போட்டால் எப்படி இருக்கும்" என்று படத்திலேயே பார்த்துவிட நினைப்பவர்கள் நிறையப் பேர். வேலை சின்னதுதான். ஆனால் முடித்த படத்தைப் பார்த்தால் கதவு தனியாக ஒட்டவைத்த காகிதம் போலத் தெரியும், சுவரின் சொரசொரப்பு ஜன்னலைச் சுற்றி வழுவழுவென்று மழுங்கியிருக்கும். நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒன்றாக நினைத்து வேலை செய்வதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். பெயின்ட் மாறலாம். அதன் மேல் விழுந்த வெயிலும் நிழலும் படம் எடுத்த அந்த நிமிடத்துக்குச் சொந்தம், அவை மாறக் கூடாது.

ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம். சந்தன நிறத்தில் சொரசொரப்பான பூச்சுச் சுவர், வெள்ளைக் கதவு, நான்கு கண்ணாடி வைத்த தடித்த வெள்ளை மர ஜன்னல். வெயில் இடப்பக்கம் மேலிருந்து வருகிறது. சன்ஷேடின் நிழல் கதவின் மேல்பாதியில் சாய்வாக விழுந்திருக்கிறது. போட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ கலர் பிக்கரை வைத்துப் பார்த்தால், சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில், கதவில் வெயில் பட்ட இடம் 230, 228, 222. நிழல் விழுந்த இடம் 110, 115, 125. இந்த இரண்டு அளவையும் முதலில் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கதவு வேலை முழுக்க இவற்றை வைத்துத்தான் நடக்கும்.

கதவின் மேல் பச்சையைப் பூசிவிடுவது

எல்லோரும் முதலில் செய்வது இதுதான். கதவை செலக்ட் செய்து, புதிய லேயரில் பச்சையைக் கொட்டுவார்கள். நிழல் மொத்தமாக மறைந்துவிடும். சரி, கொஞ்சம் தெரியட்டும் என்று ஒபாசிட்டியை 70 சதவீதத்துக்கு இறக்குவார்கள். இப்போது நிழல் லேசாகத் தெரிகிறது, வேலை முடிந்தது போலவும் தோன்றுகிறது. ஆனால் அளந்து பாருங்கள். வேண்டிய பச்சை 40, 80, 65 என்றால், வெயில் பட்ட இடத்தில் கிடைப்பது 97, 124, 112. நிழலில் கிடைப்பது 61, 90, 83. நடுவில் உள்ள பச்சை எண்ணை மட்டும் பாருங்கள். பழைய கதவில் வெயிலிலிருந்து நிழலுக்குப் போகும்போது அது 228-லிருந்து 115-க்கு, அதாவது பாதியாகக் குறைந்தது. இப்போது 124-லிருந்து 90-க்குத்தான் இறங்குகிறது, கால்வாசிக்குச் சற்று மேல்தான் கழிபடுகிறது. பக்கத்துச் சுவரில் நிழல் அழுத்தமாக இருக்க, கதவில் மட்டும் சாக்பீஸ் பொடி தூவியது போல வெளிறித் தெரிவது இதனால்தான்.

நிழல் என்பது ஒளியில் ஒரு பங்கைத் தடுத்துவிடுவது. வெள்ளைக் கதவில் எந்தப் பங்கு குறைந்ததோ, ஏறக்குறைய அதே பங்கு பச்சைக் கதவிலும் குறைய வேண்டும். ஆகவே இங்கே வேலை செய்ய வேண்டியது பெருக்கல்தான், கலப்பு இல்லை. லேயரின் பிளெண்ட் மோடை `Normal`-இலிருந்து `Multiply`-க்கு மாற்றினால் அந்தப் பெருக்கலை மென்பொருளே செய்துவிடும்.

இதிலும் ஒரு இடறல் உண்டு. கடையின் நிற அட்டையில் பார்த்த பச்சையை அப்படியே `Multiply` லேயரில் வைத்தால், கதவு நினைத்ததைவிடக் கொஞ்சம் இருட்டாக வரும். பழைய கதவு சுத்த வெள்ளையாக, அதாவது 255 ஆக இல்லை என்பதை நாம் கணக்கில் எடுக்கவில்லை. வெயில் பட்ட இடத்தில் வேண்டிய எண்ணைப் பழைய எண்ணால் வகுத்து 255-ஆல் பெருக்குங்கள்:

```
40 / 230 × 255 ≈ 44
80 / 228 × 255 ≈ 89
65 / 222 × 255 ≈ 75
```

லேயரில் வைக்க வேண்டிய நிறம் 44, 89, 75. இதை வைத்தால் வெயில் பட்ட இடம் நாம் கேட்ட பச்சையாகவே வருகிறது. நிழலில் 19, 40, 37 வருகிறது. பச்சை எண் 80-லிருந்து 40-க்கு, பழையபடி பாதி. நிழலில் இருந்த மெல்லிய நீலச் சாயலும் தப்பிவிட்டது, ஏனென்றால் அதுவும் பெருக்கலோடு சேர்ந்தே வந்துவிட்டது. கதவுப் பலகைகளின் விளிம்பு, மரத்தின் வரி எல்லாம் தானாகவே நிற்கும். லேயர் எந்த இடத்தில் தெரிய வேண்டும் என்று வரையறுக்கும் மாஸ்க்கில், கைப்பிடி, கீல், பூட்டு ஆகியவற்றை மட்டும் விலக்கி வையுங்கள். பளபளப்பான பெயின்ட் என்றால் வெயில் மின்னும் புள்ளிகளையும் விலக்க வேண்டும். அந்த மினுக்கம் மேற்பரப்பிலிருந்து தெறிக்கும் ஒளி. கதவு பச்சையானாலும் அது வெள்ளையாகத்தான் தெரியும்.

"நிறத்தை மட்டும் மாற்றும் `Color` மோடு இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். அது பழைய வெளிச்ச அளவைத் தொடாது. வெள்ளைக் கதவில் கரும்பச்சையை வைத்தால் வெளிறிய புதினா நிறம்தான் கிடைக்கும். பழைய நிறமும் புதிய நிறமும் ஏறக்குறைய ஒரே அடர்த்தியில் இருந்தால் மட்டும் அது சரிப்படும்.

இருட்டுக் கதவை வெளிர் நிறமாக்குவது உண்மையிலேயே சிரமம். கதவுக்கு மட்டும் `Levels` போட்டு வலப்பக்க வெள்ளை முனையை உள்ளே தள்ளினால் எல்லா அளவுகளும் ஒரே மடங்கில் உயரும், அதன் மேல் `Color` வைக்கலாம். ஆனால் 60-இல் இருப்பதை 220-க்கு ஏற்றும்போது படத்தின் இரைச்சலும், அதாவது பொடிப்புள்ளிகளும், மூன்றரை மடங்குக்கு மேல் பெருகும், ஜேபெக்கின் சதுரக் கட்டங்கள் வெளியே வரும். கேமராவின் ரா கோப்பு இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால் கொஞ்சம் அடர்த்தியான நிறத்தோடு திருப்தி அடைவது நல்லது.

ஜன்னலைச் சுவர்ப்பக்கம் மெலிய வைப்பது

மெல்லிய ஃப்ரேம் வேண்டும் என்றதும் பலர் எங்கிருந்தோ ஒரு ஜன்னல் படத்தைக் கொண்டுவந்து பழைய ஜன்னலின் மேல் ஒட்டுகிறார்கள். அது சிறியதாக இருந்தால் சுற்றிலும் ஒரு பட்டை காலியாகும். அந்தப் பட்டைக்குச் சுவர் வேண்டும். ஆனால் அங்கே சுவர் படத்தில் கிடையாது. குளோன் பிரஷால் பக்கத்துச் சுவரை இழுத்துப் பூசுவார்கள். ஒரே மேடும் பள்ளமும் திரும்பத் திரும்ப வரும், பூச்சின் ஒவ்வொரு மணியிலும் இருந்த குட்டி நிழல் கலைந்துபோகும். கண்ணுக்கு அது உடனே தட்டுப்படும்.

ஃப்ரேம் மெலிவது எப்போதும் கண்ணாடிப் பக்கமாகத்தான் இருக்க வேண்டும். வெளி விளிம்பு பழைய இடத்திலேயே இருக்கட்டும், உள் விளிம்பை மட்டும் வெளியே தள்ளுங்கள். கூடுகிற இடம் கண்ணாடிக்குப் போகட்டும். கண்ணாடியில் தெரிவது வெறும் பிரதிபலிப்பு, அதைக் கொஞ்சம் இழுத்து நிரப்பினாலும் யாரும் கண்டுபிடிக்க முடியாது. சுவரில் ஒரு பிக்சல் கூடத் தொட வேண்டியதில்லை. ஃப்ரேம் சுவருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் இருப்பதால், சுவரின் உள்பக்கம் விழும் நிழலும் அப்படியே பொருந்தும்.

நம் படத்தில் முதலில் நடுவில் உள்ள குறுக்குச் சட்டங்களை அழித்துக் கண்ணாடியைச் சுத்தமாக்க வேண்டும். அப்புறம் மீதமுள்ள வெள்ளை ஃப்ரேமை அழிக்காமல், அதையே `Multiply`-ஆல் கறுப்பாக்குங்கள். இங்கே சுத்தக் கறுப்பை வைப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு. வெயில் பட்ட கறுப்புப் பெயின்ட் படத்தில் 0 ஆக இருக்காது, நான் 48 அளவில் வைப்பேன். வெள்ளை ஃப்ரேம் கதவைப் போலவே 230 என்றால் லேயர் நிறம் 53, 53, 53. நிழல் பட்ட பகுதி தானாக 23-க்கு இறங்கும். எந்தப் பக்கம் வெயில், எந்தப் பக்கம் இருட்டு என்பது பழைய ஃப்ரேமிலேயே இருக்கிறது. நாம் புதிதாக வரைய வேண்டியதில்லை.

இரண்டு கதவு ஜன்னல் என்றால் நடுவில் ஒரு செங்குத்துச் சட்டம் வரும். பக்கச் சட்டத்தை நகலெடுத்து வைக்கலாம், ஆனால் இடவலமாகத் திருப்பாதீர்கள். திருப்பினால் வெயில் வலப்பக்கத்திலிருந்து வருவது போல ஆகிவிடும். வைக்கும் இடத்தையும் ஸ்கேலால் அளந்து பாதியில் வைக்கக் கூடாது. சுவர் சாய்வாக விலகிப் போகும் படத்தில் ஜன்னலின் உண்மையான நடு, அளந்த நடுவில் இருக்காது. ஜன்னல் திறப்பின் நான்கு மூலைகளையும் குறுக்காக இரண்டு கோடுகளால் இணையுங்கள். அவை வெட்டும் இடம்தான் நடு. இந்தக் கோடு போட்டுப் பார்க்காமல் கண்ணளவில் வைத்த ஜன்னல்களில் ஒரு பக்கக் கண்ணாடி எப்போதும் அகலமாகத் தெரியும்.

புதிய சட்டம் கண்ணாடியின் மேலும் கீழ்த் திண்டின் மேலும் ஒரு மெல்லிய நிழல் விடும். அதைக் கறுப்பு பிரஷால் தீட்டாதீர்கள். சுவரிலிருந்தே அளவு எடுங்கள். இந்தப் படத்தில் வெயில் பட்ட சுவர் 214, 200, 176. நிழல் பட்ட சுவர் 104, 103, 101. முன்போலவே வகுத்தால் நிழலின் நிறம் 124, 131, 146 என்று வருகிறது. நீலம் கலந்த சாம்பல். வெயிலில் நிழலுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் வானத்தின் ஒளி என்பதால் இந்த நீலம். இதே நிறத்தை `Multiply`-இல் வைத்துத் திண்டின் மேல் தீட்டினால் சன்ஷேடின் நிழலோடு பொருந்தி நிற்கும்.

மாஸ்க்கின் விளிம்பு

சொரசொரப்பான சுவர் ஃப்ரேமைச் சந்திக்கும் கோடு நேராக இருக்காது. பூச்சின் மணிகள் ஃப்ரேமின் மேல் அங்கங்கே ஏறியிருக்கும். நேர்க்கோட்டில் வெட்டினால் அந்த மணிகள் கறுப்பாகிவிடும். பயந்து மாஸ்க்கை உள்ளே இழுத்தால் சுற்றிலும் ஒரு வெள்ளை மயிரிழை மிஞ்சும். விளிம்பை மங்கச் செய்யும் `Feather`-ஐ 5 பிக்சல் என்று வைத்தால் கறுப்பு சுவரில் கசிந்து அழுக்குப் படிந்தது போலாகும். படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, தொடாத இடத்தில் ஒரு விளிம்பு எத்தனை பிக்சலில் நிறம் மாறுகிறது என்று பாருங்கள். வழக்கமாக இரண்டு மூன்று இருக்கும். மாஸ்க்கும் அதே மென்மையில் இருந்தால் போதும், பெரும்பாலும் 1 பிக்சல் `Feather` சரியாக வரும். மணிகள் ஏறிய இடங்களைச் சின்ன பிரஷால் கையால் திருத்துங்கள். பத்து நிமிட வேலை, ஆனால் படம் உண்மையாகத் தெரிவது இந்தப் பத்து நிமிடத்தால்தான்.

சுவர் தப்பித்ததா என்று பார்ப்பது

கண்ணால் பார்த்துச் சரி என்று சொல்லாதீர்கள். பழைய படத்தின் நகலை எல்லா லேயருக்கும் மேலே வைத்து, மோடை `Difference` ஆக்குங்கள். மாறாத இடமெல்லாம் சுத்தக் கறுப்பாகும். அதற்கும் மேலே ஒரு `Levels` வைத்து வெள்ளை முனையை 15 வரை உள்ளே தள்ளினால் நுண்ணிய மாற்றமும் பளிச்சென்று தெரியும். மாஸ்க் கசிந்திருந்தால் ஜன்னலைச் சுற்றி ஒரு மங்கலான வளையம் வரும். சுவர் முழுக்கப் புள்ளி புள்ளியாக வந்தால், படம் முழுவதற்கும் இரைச்சல் நீக்கமோ கூர்மையோ போட்டிருக்கிறீர்கள், அல்லது நடுவில் ஒருமுறை ஜேபெக்காகச் சேமித்துத் திறந்திருக்கிறீர்கள். ஜேபெக் ஒவ்வொரு சேமிப்பிலும் படம் முழுவதையும் கொஞ்சம் மாற்றும். ஆகவே வேலை முடியும்வரை பிஎஸ்டி அல்லது பிஎன்ஜியில் வைத்து, இந்தச் சோதனையையும் அதற்குள் முடித்துவிடுங்கள்.

கறுப்பாக இல்லாமல் லேசாகத் தெரிய அனுமதி உள்ள இடங்கள் இரண்டே. ஒன்று, வழவழப்பான தரையில் விழும் கதவின் பிரதிபலிப்பு. அது வெள்ளையாகவே இருந்தால் மேலே செய்த அத்தனை வேலையும் வீண், அதையும் பச்சையாக்க வேண்டும். இன்னொன்று, கதவை ஒட்டிய நிலைக்கால் பக்கச் சுவர். வெள்ளைக் கதவு தன் மேல் விழுந்த வெயிலை அந்தச் சுவருக்கு வாரி வீசிக்கொண்டிருந்தது, கரும்பச்சைக் கதவு அவ்வளவு வீசாது. அங்கே மட்டும் பெரிய மென்மையான பிரஷால், மிகக் குறைந்த ஒபாசிட்டியில், தெரிந்தும் தெரியாமலும் ஒரு `Multiply` சாயல் கொடுங்கள். `Multiply` என்பதால் பூச்சின் மணிகள் அதற்கு அடியில் அப்படியே இருக்கும்.