பிளாக்ஜாக் சைடு பெட்: பத்து வெள்ளி எங்கே போகிறது?

சீனப் புத்தாண்டில் நண்பர் வீட்டில் விளையாடிப் பழகியவர்கள் மரினா பே அல்லது செந்தோசா சூதாட்டக்கூடத்து மேசையில் உட்கார்ந்தால், பந்தயக் கட்டத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன வட்டங்களைப் பார்ப்பார்கள். முக்கியப் பந்தயத்தோடு தனியாக வைக்கும் சைடு பெட்டுக்கான இடம் அவைதான். சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போகவே 150 வெள்ளி கட்டுகிறோம். அந்த வட்டத்தில் பணம் வைப்பதற்கு முன் ஒரு கணக்கையும் போட்டுவிடலாம்.

படி 1: பந்தயம் எதன் மீது என்று பாருங்கள். பர்ஃபெக்ட் பேர்ஸ் என்றால் உங்களுடைய முதல் இரண்டு சீட்டும் ஜோடியாக வர வேண்டும். பரவலாக உள்ள ஒரு பரிசுப் பட்டியலில், எண்ணும் சின்னமும் ஒன்றாக இருந்தால் 25 மடங்கு, நிறம் மட்டும் ஒன்றானால் 12, நிறமும் வேறானால் 6.

படி 2: மிச்சச் சீட்டை எண்ணுங்கள். எட்டுக் கட்டில் 416 சீட்டு. முதலில் உங்களுக்கு ஸ்பேட் 9 வந்துவிட்டது என்று வையுங்கள். மீதி 415இல் இன்னும் 7 ஸ்பேட் 9, 8 கிளாவர் 9, 16 சிவப்பு 9 இருக்கும். மற்ற 384 சீட்டில் எது வந்தாலும் பணம் போச்சு.

படி 3: அந்த 415 சீட்டும் ஒவ்வொரு முறை வருவதாக வைத்து, தலா 10 வெள்ளி கட்டிப் பாருங்கள். வரவு 1,750 + 960 + 960, ஆக 3,670. இழப்பு 3,840. நிகர நட்டம் 170 வெள்ளி, அதாவது கட்டிய பணத்தில் சுமார் 4.1%. நல்ல விதிகள் உள்ள மேசையில் எந்தக் கைக்கு எந்த முடிவு சிறந்தது என்று சொல்லும் பேஸிக் ஸ்ட்ராட்டஜிப்படி ஆடினால் முக்கியப் பந்தயத்தில் இது அரை சதவீதம் அளவில்தான் இருக்கும். அதே தொகைக்குச் சுமார் 21 வெள்ளி.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? முக்கியப் பந்தயத்தில் சீட்டு கேட்பதா, நிற்பதா, இரட்டிப்பதா, பிரிப்பதா என்று நீங்கள் முடிவெடுக்கிறீர்கள். ஒவ்வொரு சரியான முடிவும் கூடத்தின் பங்கைக் குறைக்கிறது. சைடு பெட்டில் பணத்தை வைத்ததோடு உங்கள் வேலை முடிந்தது, திறமைக்கு இடமே இல்லை.

கட்டு எத்தனை என்று டீலரிடம் கேளுங்கள், சொல்வார். அதே பட்டியல் ஆறு கட்டில் ஓடினால் ஜோடி சேரக்கூடிய சீட்டு குறைந்து, நட்டம் 6.1% ஆகிவிடும்.

அப்புறம் 21+3 என்ற இன்னொரு சைடு பெட். உங்கள் இரண்டு சீட்டும் டீலரின் திறந்த சீட்டும் சேர்ந்து ஃபிளஷ், அதாவது மூன்றும் ஒரே சின்னம், அல்லது அடுத்தடுத்த எண்களின் வரிசை, அல்லது ஒரே எண்ணில் மூன்று ஆக வேண்டும். பழைய பட்டியலில் எல்லாவற்றுக்கும் 9 மடங்கு, ஆறு கட்டில் நட்டம் 3.24%. இன்னொரு பட்டியலில் உச்சப் பரிசு 100 மடங்கு என்று பளபளக்கும், ஆனால் ஃபிளஷுக்கு 5தான். ஜெயிக்கும் கைகளில் ஐந்தில் மூன்று சாதாரண ஃபிளஷ் என்பதால், வெட்டு அங்கேதான் விழுகிறது: நட்டம் 4.6%. அந்த 100 மடங்குக்கு மூன்று சீட்டும் ஒரே எண், ஒரே சின்னமாக வர வேண்டும். அது சுமார் 4,800 கைக்கு ஒருமுறை.