நிதிக் குழு மினிட்ஸில் நிபந்தனை தொலையும் இடங்கள்

"நிபந்தனைகளுக்கு உட்பட்டு பட்ஜெட்டுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது." தன்னாட்சிக் கல்லூரி ஒன்றின் நிதிக் குழு மினிட்ஸில் இந்த ஒரு வரியோடு விஷயத்தை முடித்துவிட்டால், பின்னால் வரும் தணிக்கையாளருக்கு அது எதையும் சொல்லாது.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். பட்ஜெட் மொத்தம் 4.20 கோடி ரூபாய். அதில் கணினி ஆய்வகத்துக்கு 38 லட்சம். கூட்டத்தில் பேசி முடிவானது இது: 25 லட்சத்தை உடனே செலவழிக்கலாம், போன வருட மானியத்துக்கான பயன்பாட்டுச் சான்றிதழ் போய்ச் சேர்ந்த பிறகே மீதி 13 லட்சம். மினிட்ஸ் எழுதியவரோ "ஆய்வகத்துக்கு 38 லட்சம் ஒப்புதல். பயன்பாட்டுச் சான்றிதழை விரைவில் அனுப்பும்படி அறிவுறுத்தப்பட்டது" என்று எழுதிவிட்டார். கணக்குப் பிரிவு 38 லட்சத்துக்கும் ஆர்டர் போட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நிபந்தனை அறிவுரையாக இளைத்துப்போய்விட்டது.

இப்படி எழுதியிருக்கலாம்: "ஆய்வகத்துக்கான 38 லட்சத்தில் 25 லட்சத்தை உடனே செலவிடலாம். மீதி 13 லட்சம் நிறுத்திவைக்கப்படுகிறது. நிதி அலுவலர் பயன்பாட்டுச் சான்றிதழை ஆகஸ்ட் 31-க்குள் அனுப்பி, அதன் நகலை முதல்வரிடம் தர வேண்டும். முதல்வர் எழுத்தில் உறுதிசெய்த பிறகே அந்தத் தொகையைச் செலவிடலாம்." சற்று நீளம்தான். ஆனால் நிபந்தனை எந்தத் தொகையைக் கட்டுகிறது, யார் செய்ய வேண்டும், நிறைவேறியதை யார் முடிவு செய்வார் என்பதெல்லாம் இதில் இருக்கிறது. கடைசிக் கேள்விதான் பெரும்பாலும் விட்டுப்போகும்.

அப்புறம், பேச்சையும் தீர்மானத்தையும் கலந்துவிடுவது. ஓர் உறுப்பினர் "மின் கட்டணத்தைக் குறைக்கப் பாருங்கள்" என்று சொன்னது கருத்து. அதை நிபந்தனைகளின் வரிசையில் 4-வதாகச் சேர்த்துவிட்டால், அது நிறைவேறியதா என்று யாராலும் சரிபார்க்க முடியாது. விவாதம் என்று தனிப் பத்தியில் போட்டால் போதும்.

"ஒப்புதல்" என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளில் தன்னாட்சிக் கல்லூரி நிதிக் குழு, ஆளுகைக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் அமைப்புதான். ஆகவே "கீழ்க்கண்ட நிபந்தனைகளுடன் ஆளுகைக் குழுவின் ஒப்புதலுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது" என்பதே பொருத்தம். மேலே உள்ள வாசகத்தையும் பரிந்துரையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். 25 லட்சமும் ஆளுகைக் குழு சரி சொன்ன பிறகுதான். அங்கே வைக்கும் குறிப்பில் 4.20 கோடி என்ற மொத்தத்தை மட்டும் எழுதிவிட்டு நிபந்தனைகளை மினிட்ஸிலேயே விட்டுவிடுவதும் நடக்கும். அப்படியானால் ஆளுகைக் குழு ஒப்புக்கொண்டது நிபந்தனையே இல்லாத பட்ஜெட்டை.

சான்றிதழ் போய்ச் சேர்ந்ததும் பழைய மினிட்ஸைத் திறந்து "நிறைவேறியது" என்று திருத்தக் கூடாது. முதல்வரின் உறுதிக் குறிப்பை அடுத்த கூட்டத்தில் வைத்து, பழைய தீர்மான எண்ணைக் குறிப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும்.